காடாத் துணியில் ஒரு வெள்ளோட்டம்

சட்டையோ ரவிக்கையோ கொஞ்சம் சரியில்லாமல் போனால் பக்கத் தையலைப் பிரித்து, விட்டோ பிடித்தோ சமாளித்துவிடலாம். பேன்ட்டில் அந்த வசதி பாதி இடங்களுக்குத்தான் உண்டு. இடுப்பைத் திருத்தலாம், பக்கத்தைத் திருத்தலாம், கீழே மடித்துத் தைக்கலாம். ஆனால் முன்னிடுப்பிலிருந்து இறங்கி, இரண்டு கால்களுக்கும் நடுவே புகுந்து, பின்னிடுப்புக்கு ஏறும் அந்த வளைந்த தையல் இருக்கிறதே, அங்கே கூடுதலாக வெட்டிவிட்ட துணியைத் திரும்பச் சேர்க்க வழியே இல்லை. அதைத்தான் கவட்டு வளைவு என்கிறோம். பெண்கள் பேன்ட் பற்றிச் சொல்லும் குறைகளில் பெரும்பகுதி அந்த வளைவில்தான் தொடங்குகிறது. உட்கார்ந்தால் பின்னிடுப்பு இறங்குவது, தொடை மேல் விசிறிபோல் கோடுகள் விழுவது, பின்பக்கம் தொங்குவது எல்லாமே அங்கிருந்து வருபவை.

நம் ஊரில் தைக்கக் கொடுக்கும்போது அளவுக்கு ஒரு பழைய பேன்ட்டைக் கொடுப்பது வழக்கம். ரவிக்கைக்கு இது ஓரளவு பலிக்கும். பேன்ட்டுக்குப் பலிப்பதில்லை. பழைய பேன்ட்டில் இருந்த குறை எதுவோ அதுவும் அளவோடு சேர்ந்து புதிய துணிக்கு வந்துவிடும். டேப்பை வைத்து உடலை அளந்தாலும் சிக்கல் முழுதாகத் தீராது. டேப் சுற்றளவைச் சொல்லும், நீளத்தைச் சொல்லும். உடல் எந்த இடத்தில் புடைத்திருக்கிறது, எந்த இடத்தில் தட்டையாக இருக்கிறது என்பதை அது சொல்லாது. சீட் சுற்றளவு 40 அங்குலம் உள்ள இருவரில் ஒருவருக்கு அந்த 40 பின்பக்கம் உருண்டிருக்கலாம், மற்றவருக்குத் தொடையின் முன்பக்கத்தில் இருக்கலாம். இருவருக்கும் ஒரே வளைவை வெட்டினால் ஒருவருக்குக் கட்டாயம் பொருந்தாது. இதைத் தெரிந்துகொள்ள, மலிவான பருத்தித் துணியில் முதலில் ஒன்றைத் தைத்து, போட்டுப் பார்த்து, அதன் மேலேயே வெட்டித் திருத்துவதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அதற்கு ஏற்ற துணி காடா. வெளுக்காமல், சாயம் ஏற்றாமல், தறியிலிருந்து வந்தபடியே விற்கப்படும் பருத்தித் துணி அது. பல்லடம், சோமனூர் பக்கத்து விசைத்தறிகளில் நெய்யப்படுவது. 44 அங்குல அகலத்தில் இரண்டேகால் மீட்டர் இருந்தால் ஒரு நேரான பேன்ட்டுக்குப் போதும். கடைசியில் தைக்கப்போகும் துணியின் கனத்துக்குக் கிட்டத்தட்ட இணையான கனத்தில் காடாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெல்லிய துணி கோடுகளைப் பெரிதாக்கிக் காட்டும், தடித்தது மறைத்துவிடும். தறியில் ஏற்றிய கஞ்சி துணியில் இருக்கும் என்பதால் முதலில் அலசி, காய வைத்து, இஸ்திரி போட்டுக்கொள்வது அவசியம். கஞ்சி விறைப்போடு தைத்துப் பார்த்தால் துணி உடலில் படியாமல் தானாக நிற்கும். அப்போது தெரியும் கோடுகளை நம்ப முடியாது.

வெட்டுவதற்கு முன் காடாவில் சில கோடுகளை வரைந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு காலின் நடுவிலும் பாவு இழைக்கு இணையாக, இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரு செங்குத்துக் கோடு. சீட்டின் அகன்ற இடத்தில் ஒரு கிடைக்கோடு, கவட்டு மட்டத்தில் ஒன்று, முழங்காலில் ஒன்று. பால்பாயின்ட் பேனாவிலேயே வரையலாம். துணி உடலில் ஏறியதும் எது நேராக நிற்கிறது, எது சாய்கிறது என்பதை இந்தக் கோடுகள்தான் காட்டிக்கொடுக்கும். இவை இல்லாவிட்டால் வெறும் வெள்ளைத் துணியில் சுருக்கங்களைப் பார்த்து ஊகிக்க மட்டுமே முடியும்.

தையலுக்கு விடும் ஓரத்தைத் தாராளமாக விட வேண்டும். பக்கத்திலும் உள்காலிலும் 1 அங்குலம், இடுப்பின் மேல் 2 அங்குலம். கவட்டு வளைவிலும் 1 அங்குலம் விடலாம். ஆனால் அங்கே ஒரு பொறி இருக்கிறது. அது உள்நோக்கிய வளைவு. தையலுக்கு வெளியே நிற்கும் ஓரத்தின் நீளம் தையலின் நீளத்தைவிடக் குறைவு. அப்படியே விட்டால் அந்த ஓரமே கயிறு போலத் தையலைப் பிடித்து இழுத்து, இல்லாத குறைக்குக் கோடு போட்டுக் காட்டும். வளைவு நெடுக அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டு, தையலைத் தொடாமல், தையலுக்கு மிக அருகே வரை போட்டால்தான் துணி விரிந்து கொடுக்கும். முதன்முதலாக வெள்ளோட்டம் தைப்பவர்கள் பலர் வளைவைக் குறை சொல்வதற்குக் காரணம் இந்த வெட்டு விடுபட்டதாகவே இருக்கும்.

மிஷினில் தையலை மிகப் பெரியதாக வைத்துத் தைத்தால் பிரிப்பது சுலபம். ஜிப் வேண்டாம். முன்பக்கம் 7 அங்குலம் திறந்து விட்டு ஊக்குப் போட்டுக்கொள்ளலாம். பெல்ட் பட்டியும் வேண்டாம். இடுப்பில் ஒரு நாடாவோ எலாஸ்டிக்கோ கட்டி, அதன் அடியில் துணியைச் செருகினால் போதும். இந்த நாடா மிகப் பெரிய உதவி. துணியை ஓரிடத்தில் மேலே இழுத்தும் ஓரிடத்தில் கீழே விட்டும் பார்க்க அது இடம் கொடுக்கும்.

வழக்கமாக அணியும் உள்ளாடையோடும் செருப்போடும் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு நேராக நிற்க வேண்டும். பின்பக்கத்தைப் பார்க்கத் திரும்பினால் உடல் முறுக்கிக்கொள்ளும், கோடுகளும் மாறிவிடும். அதனால் தனியாகத் தைப்பவர்கள் கைபேசியை இடுப்பு உயரத்தில் எதன் மேலாவது நிறுத்தி, முன், பின், பக்கம் என மூன்று படங்கள் எடுத்துக்கொண்டு அவற்றைப் பார்ப்பது நல்லது.

இனி கோடுகளைப் படிப்பது. உடலில் ஏறிய துணியில் விழும் கோடுகள் எல்லாம் ஒரே வகை அல்ல. துணி போதாமல் விறைத்து இழுபடும் கோடு ஒன்று. துணி மிஞ்சித் தளர்ந்து விழும் மடிப்பு இன்னொன்று. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வித்தியாசம் காண விரலே போதும். கோட்டின் மேல் துணியைக் கிள்ளிப் பார்க்க வேண்டும். எளிதாகக் கையில் வந்தால் அது மிச்சம். கிள்ளவே முடியாமல் உடலோடு ஒட்டி நின்றால் அது இழுப்பு. இழுப்புக் கோடு எப்போதும் குறையிருக்கும் இடத்தை நோக்கி ஓடும். அதன் இரு முனைகளில் ஒன்றில்தான் துணி போதவில்லை. தளர்ந்த மடிப்போ மிச்சத்துக்குக் குறுக்கே விழும். நீளம் மிஞ்சினால் மடிப்பு கிடையாக நிற்கும், அகலம் மிஞ்சினால் செங்குத்தாகத் தொங்கும், ஒரு பக்கத்தில் மட்டும் நீளம் மிஞ்சினால் சாய்வாக விழும்.

இவ்வளவும் பொது விதிதான். கோடு இடத்தைக் காட்டும், காரணத்தை உறுதியாகச் சொல்லாது. உறுதி செய்ய அந்த இடத்தைப் பிரித்தோ வெட்டியோ பார்க்க வேண்டும். இழுப்பு என்று சந்தேகம் வந்தால் தையலைப் பிரித்துவிடுங்கள். துணி உடனே விலகி நிற்கும். எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவுதான் குறை. ஊகிக்கவே தேவையில்லை, டேப் வைத்து அளந்துகொள்ளலாம். மிச்சம் என்று தோன்றினால் மடித்து ஊசி குத்திப் பாருங்கள். காடாவை நாம் தேடிப் போவதே, இப்படித் தயங்காமல் கத்தரி வைக்கத்தான்.

இப்போது வளைவுக்கு வருவோம். காகிதத்தில் பேன்ட்டின் முன்துண்டையும் பின்துண்டையும் உள்கால் தையலில் ஒட்டி வைத்துப் பார்த்தால் கவட்டு வளைவு ஒரு சாய்ந்த அரைவட்டம் போலத் தெரியும். முன்பக்கம் சிறியது, பின்பக்கம் பெரியது. வளைவின் முனை உள்காலை நோக்கி நீண்டிருக்கும் பகுதியைக் கவட்டு நீட்டம் என்று வைத்துக்கொள்வோம். பின்துண்டின் நீட்டம் முன்துண்டினுடையதைவிட மிக அதிகம், பல வரைமுறைகளில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த இரண்டு நீட்டங்களும் சேர்ந்துதான் உடலின் முன்னிருந்து பின் வரையிலான கனத்துக்கு இடம் கொடுக்கின்றன. ஆக வளைவில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. இடுப்பிலிருந்து எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது ஒன்று. முன்னும் பின்னும் எவ்வளவு நீள்கிறது என்பது இரண்டு. இறங்கும் கோடு எங்கே, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்கிற உருவம் மூன்று. மொத்த நீளம் சரியாக இருந்தும் பேன்ட் பொருந்தாமல் போவது, இந்த மூன்றில் ஏதோ ஒன்று தவறிய இடத்தில் உட்கார்ந்திருப்பதால்தான்.

என் அண்ணிக்குத் தைத்த பேன்ட்டை வைத்து இதைச் சொல்கிறேன். சீட் 40 அங்குலம். தொடையின் முன்பக்கம் நிறைந்தது, பின்பக்கம் தட்டை. தினமும் அலுவலகம் போக நேரான கால் வைத்த பேன்ட் ஒன்று வேண்டும் என்றார். காடாவில் தைத்ததைப் போட்டு நின்றதும் முன்பக்கம் கவட்டிலிருந்து இரு தொடைகளின் மேலும் விசிறிபோலக் கோடுகள் விரிந்தன. பின்பக்கம் சீட்டுக்குக் கீழே தொடங்கி வெளிப்பக்கம் நோக்கிச் சாய்வாக மூன்று நான்கு மடிப்புகள்.

"பின்னாடிதான் ரொம்பப் புடிக்குது போல, தொடைக்கிட்ட எவ்வளவு சுருக்கம் பாரு. கொஞ்சம் லூசா விட்டுத் தைச்சிடேன்" என்றார்.

"கிள்ளிப் பாருங்க அண்ணி."

கிள்ளினார். ஒரு பிடி துணி அப்படியே கையில் வந்தது. முன்பக்கத்துக் கோட்டைக் கிள்ளச் சொன்னேன், அங்கே நகமே ஏறவில்லை. அவர் பிடிக்கிறது என்று சொன்ன இடத்தில் துணி மிச்சம். எதுவும் சொல்லாத இடத்தில் பற்றாக்குறை. பின்பக்கத்தைப் பார்த்து லூசாக விட்டிருந்தால் மடிப்புகள் இன்னும் பெருகியிருக்கும்.

முதலில் சீட் கோட்டைப் பார்த்தோம். முன்னே தரைக்கு இணையாக இருந்த கோடு, பின்நடுவில் கீழே தொங்கியது. தட்டையான பின்பக்கத்தின் மேல் போக நீளம் குறைவாகவே வேண்டும். காகிதத்தில் அதற்கு மேல் நீளம் இருந்ததால் மிச்சம் கீழே வழிந்திருக்கிறது. பின்நடுவில் சீட் கோட்டின் மட்டத்தில் அரை அங்குலத்தை மடித்து, பக்கத் தையலை நெருங்க நெருங்கக் குறைத்து, பக்கத்தில் ஒன்றுமில்லாமல் முடியும்படி ஊசி குத்தினேன். கோடு மட்டத்துக்கு வந்தது. மடிப்புகளில் பாதி போய்விட்டது.

மீதி பாதிக்குக் காரணம் வேறெங்கோ இருந்தது. அதைக் கண்டுபிடிக்க நான் செய்வது ஒரு பழைய வேலை. நூற்கயிறு ஒன்றில் சைக்கிள் நட்டு போன்ற ஒரு சிறு எடையைக் கோத்து, கயிற்றை முன்னிடுப்பு நாடாவிலிருந்து கால்களுக்கு நடுவே கொண்டுபோய்ப் பின்னிடுப்பு நாடாவில் பிடிக்க வேண்டும். உடலை இறுக்காமல், பேன்ட் இருக்க வேண்டிய தளர்வில் பிடிக்க வேண்டும். நட்டு தானாக நகர்ந்து தாழ்வான இடத்தில் நிற்கும். உள்கால் தையல் சேர வேண்டிய இடம் அதுதான். அண்ணிக்குக் கயிற்றின் மொத்த நீளம் 26 அங்குலம். நட்டிலிருந்து முன்னிடுப்பு வரை 11½, பின்னிடுப்பு வரை 14½. காகிதத்தில் அளந்தால் முன்வளைவு 11, பின்வளைவு 15½. மொத்தத்தில் அரை அங்குலம்தான் அதிகம், டேப்பால் மொத்தத்தை மட்டும் அளந்திருந்தால் கிட்டத்தட்டச் சரி என்றே தோன்றியிருக்கும். பங்கீடுதான் தவறு. முன்னே அரை அங்குலம் குறை, பின்னே 1 அங்குலம் மிச்சம். பின்மிச்சத்தில் பாதியைத்தான் மேலே மடித்தது எடுத்திருக்கிறது.

உள்கால் தையலைக் கவட்டிலிருந்து 8 அங்குலம் வரை பிரித்தேன். முன்துண்டு உடனே விலகியது. விசிறிக் கோடுகள் அந்தக் கணமே படுத்துவிட்டன. முன்துண்டின் உள்கால் ஓரத்தில் தையலுக்கு விட்டிருந்த துணியிலிருந்து அரை அங்குலத்தைக் கவட்டு முனையில் விட்டு, முழங்கால் வரை குறைத்துக்கொண்டே போனேன். பின்துண்டில் அதே அரை அங்குலத்தை அதே விதமாகப் பிடித்தேன். தொடைச் சுற்றளவு துளிகூட மாறவில்லை. தையல் மட்டும் பின்னோக்கி அரை அங்குலம் நகர்ந்தது. இப்போது முன்வளைவு 11½. பின்வளைவு, மேலே மடித்த அரையும் முனையில் பிடித்த அரையும் போக 14½. இவ்வளவு துல்லியமாகக் கணக்கு ஒத்துவருவது எப்போதும் நடக்காது, கால் அங்குலம் அங்குமிங்கும் இருந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. சீட்டின் கீழ் மடிப்பு விழும் எல்லோருக்கும் இதுவே மருந்து அல்ல. கெண்டைக்கால் பருத்தவர்களுக்கும், நிற்கும்போது முழங்கால் பின்னோக்கி வளைபவர்களுக்கும் துணி கெண்டைக்காலில் தட்டி நின்று, மேலே தொடையில் மடிப்பாகத் திரளும். பார்வைக்கு அதுவும் இதுபோலவே இருக்கும். பிரித்தறிய, காடாவை முழங்காலுக்குக் கீழே நறுக்கென்று வெட்டிவிடுங்கள். மடிப்பு மறைந்தால் காரணம் கீழே. கவட்டைத் தொடவே கூடாது, முழங்காலுக்குக் கீழ் அகலத்தைக் கூட்ட வேண்டும். அப்படியே நின்றால் காரணம் மேலே.

திருத்திய பின் அண்ணிக்கு ஒரே ஒரு கோடு மிஞ்சியது. பின்பக்கம், கவட்டுத் தையலை ஒட்டி, சீட்டின் கீழ்ப்பகுதியை நோக்கி மெல்லிய இழுப்பு. அந்த இடத்தில் தையல் உடலுக்குள் லேசாக அழுந்தியது. கிள்ளினால் வரவில்லை. நீளம் சரி, நீட்டமும் சரி, ஆகவே மிச்சமிருப்பது உருவம்.

இந்த இடத்தில்தான் பலருக்கும் மனம் ஒப்பாத ஒரு காரியத்தைச் செய்ய வேண்டியிருக்கிறது. இறுக்கும் இடத்தில் துணியைக் கூட்டாமல், வெட்டி எடுக்க வேண்டும். உருண்டு உயர்ந்த சீட் உள்ளவர்களுக்குப் பின்வளைவு மெதுவாகச் சரிந்து இறங்கலாம். தட்டையாகவும் தாழ்வாகவும் உள்ளவர்களுக்கு உடல் கீழ்ப்பகுதியில்தான் துருத்தும், அங்கே வளைவு செங்குத்தாக இறங்கி, கடைசியில் சட்டென்று திரும்ப வேண்டும். மெதுவாகச் சரியும் வளைவை அவர்களுக்குப் போட்டால் உடல் இருக்க வேண்டிய மூலையில் துணி நிரம்பி நிற்கும். தையல் தன் இடத்துக்குப் போக முடியாமல் குறுக்கு வழியில் உடலை அறுத்துக்கொண்டு போகும். அந்த மூலையை வெட்டி எடுத்ததும் தையலின் பாதை நீளும், உடல் அந்தப் பள்ளத்துக்குள் அமரும், இறுக்கம் தளரும்.

செய்யும் முறை இது. பழைய தையலைப் பிரிக்காமல், பின்வளைவின் கீழ்ப் பகுதியில் மட்டும், அதற்கு 1/8 அங்குலம் உடல் இருக்கும் பக்கத்தை விட்டு விலகித் துணிக்குள் புதிய தையல் போட வேண்டும். மேலேயும் கவட்டு முனையிலும் அது பழைய தையலோடு கலந்துவிட வேண்டும். அடுத்து, புதிய தையலுக்கு வெளியே நிற்கும் ஓரத்தைக் கால் அங்குலம் மட்டும் விட்டு வெட்டி எறிய வேண்டும். இந்த வெட்டைத் தவறவிட்டால் எல்லாம் தலைகீழாகும். ஓரம் பழையபடி அந்த மூலையை அடைத்துக்கொண்டிருக்கும், தையல் மட்டும் உள்ளே போனதால் பேன்ட் முன்னைவிட இறுகும். "தோண்டிப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது" என்று சொல்பவர்களிடம் ஓரத்தை வெட்டினீர்களா என்று முதலில் கேட்க வேண்டும். அண்ணிக்கு இரண்டு முறை, முறைக்கு 1/8 வீதம் கால் அங்குலம் தோண்டினேன். கோடு போய்விட்டது.

தோண்டுவதற்கு எல்லை உண்டு. சீட் கோட்டுக்கு மேலேயும் தோண்டினால் அந்த அளவுக்குச் சீட் சுற்றளவு குறையும். ஒரு பக்கம் கால் அங்குலம் என்றால் இரு பக்கமும் சேர்ந்து அரை அங்குலம், அதைப் பக்கத் தையலில் திரும்பக் கொடுக்க வேண்டும். பக்கவாட்டில் தோண்டாமல் நேர் கீழே தோண்டினால் கவட்டு தாழ்ந்துவிடும். கவட்டு தாழ்ந்தால் வசதியாக இருக்கும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் படியேறக் காலைத் தூக்கினால் பேன்ட் முழுவதும் கூடவே எழும். கைக்குழி தாழ்ந்த ரவிக்கையில் கையைத் தூக்கும்போது நடப்பதேதான் இங்கும் நடக்கிறது. கவட்டு உடலுக்கு அருகே, தொடாமல் நின்றால்தான் கால் தடையில்லாமல் அசையும்.

நின்றபடி பார்த்தது போதாது. நாற்காலியில் உட்கார்ந்து பின்னிடுப்பு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். 1 அங்குலம் வரை இறங்குவதை ஏற்கலாம். அதற்கு மேல் இறங்கினால் பின்வளைவில் நீளம் போதவில்லை. அப்போது நாம் முன்பு செய்ததற்கு நேரெதிராக, பின்நடுவில் சீட் கோட்டை வெட்டித் திறந்து, பக்கத்தில் மூடியபடி ஒரு ஆப்பு நுழைக்க வேண்டும். ஆப்பு நுழைந்தால் பின்நடுத் தையலின் சாய்வு கூடும், நாங்கள் செய்ததுபோல மடித்தால் அது நிமிரும். சாய்ந்த தையல் கிராஸாக ஓடுவதால் உட்காரும்போது கொஞ்சம் நீண்டு கொடுக்கும், நிமிர்ந்தது கொடுக்காது. அதனால் தட்டையான பின்பக்கத்துக்காக மடிப்பவர்கள் நின்றால் ஒரு சுருக்கமும் இல்லாத நிலை வரும் வரை மடிக்கக் கூடாது. நிற்கும்போது சீட்டின் கீழ் இருக்கும் லேசான தளர்வு, குனியவும் உட்காரவும் செலவாகும் துணி. அதையும் துடைத்தெடுத்த பேன்ட் படத்துக்கு அழகாக இருக்கும், பேருந்தில் உட்கார முடியாது. அண்ணி உட்கார்ந்து, குனிந்து செருப்பு வாரை மாட்டி, இரண்டு படி ஏறிப் பார்த்தார். பின்னிடுப்பு முக்கால் அங்குலம் இறங்கியது. அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.

இதையெல்லாம் காகிதத்துக்கு மாற்றும்போது அவசரப்படக் கூடாது. புதிய தையல் ஓடும் இடங்களை எல்லாம் இரண்டு பக்கத்துத் துணியிலும் பேனாவால் குறித்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். இடது காலும் வலது காலும் ஒன்றாக இராதவர்கள் பலர். யாருக்கு வேறுபாடு பெரிதோ அவர்களுக்கு இரண்டு காலையும் தனித்தனியாக மாற்றிக்கொள்ள வேண்டும். பிரித்த துண்டை இஸ்திரி போடும்போது கவட்டு வளைவைப் பெட்டியால் தேய்க்காமல் மேலே வைத்து எடுக்க வேண்டும், கிராஸாக இருக்கும் அந்த ஓரம் தேய்த்தால் நீண்டுவிடும். காகிதத்தில் வரைந்த பின் முன்துண்டையும் பின்துண்டையும் உள்கால் ஓரத்தில் சேர்த்துவைத்து, கவட்டு முனையில் வளைவு முறியாமல் ஒரே ஓட்டமாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே கூர்மையோ பள்ளமோ இருந்தால் உடைந்த கோட்டைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது. கடைசியாக இரண்டு உள்கால் ஓரங்களின் நீளத்தையும் அளந்து பார்க்க வேண்டும். பின்துண்டு கால் அங்குலம் குறைவாக இருந்தால் அது தவறல்ல, தேர்ந்த மாஸ்டர்கள் வேண்டுமென்றே அப்படி வெட்டி, தைக்கும்போது பின்துண்டை முழங்காலுக்கு மேல் லேசாக இழுத்துச் சேர்ப்பார்கள். பின்பக்கத் தளர்வு அதனாலும் கொஞ்சம் குறையும். முன்துண்டு குறைவாக இருந்தால்தான் எங்கோ வரைவதில் பிழை.

அண்ணிக்கு இந்தக் காகிதத்தை வைத்துக் கனமான பருத்தியிலும் லினனிலும் தைக்கலாம். லைக்ரா கலந்த துணிக்கு இதை அப்படியே வெட்ட முடியாது, காடா நீளாத துணி. நீண்டு கொடுக்கும் துணியில் இதே அளவுகள் பெரிதாகத் தெரியும், அதற்கு அதே இழுவை உள்ள ஒரு மலிவான துணியில் தனியாக இன்னொரு வெள்ளோட்டம் வேண்டும்.